மூன்று வரி நன்றியும் மூன்று எழுத்தும்

கேள்வி: இன்று காலை புதுச்சேரியில் ஒரு தனியார் பள்ளியில், 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்குத் தமிழாசிரியர் பணிக்கு நேர்காணல் முடித்துவிட்டுக் கடலூர் திரும்பிக்கொண்டிருக்கிறேன். மாதிரி வகுப்பும் எடுத்தேன். பிள்ளைகளுக்கு ல, ள, ழ குழப்பம் போகவில்லை, என்ன செய்வீர்கள் என்று முதல்வர் கேட்டார். பத்து முறை எழுதச் சொல்ல மாட்டேன், கடலூர், வளவனூர், விழுப்புரம் என்று பேருந்துப் பலகையில் உள்ள ஊர்ப்பெயர்களை வைத்தே சொல்லித் தருவேன் என்றேன். சிரித்தார், ஏதோ எழுதிக்கொண்டார். வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாட்டைக் கேட்டபோது மட்டும் நாள், மலர், காசு என்று சொல்லிப் பிறப்பை விட்டுவிட்டேன். தினமும் கடலூரிலிருந்து வருவீர்களா என்று தாளாளர் கேட்டார். பி.எட். சான்றிதழ் நகலைப் பிறகு தரச் சொல்லியிருக்கிறார்கள். பேசியதில் ஒன்றை நினைவூட்டி மூன்று வரியில் நன்றி எழுதி இன்றே அனுப்பு என்கிறாள் தோழி. நம் ஊர்ப் பள்ளிகளில் இது வழக்கமா? எதை எழுதுவது? விட்டுப்போன பிறப்பைச் சேர்த்து எழுதலாமா?

பதில்:

வழக்கம் இல்லை, ஆனாலும் அனுப்புங்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் நேர்காணல் மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம் பக்கத்துப் பள்ளிகளில் நேர்காணலுக்கு வந்தவர்களில் நன்றி எழுதியவர்கள் மிகச் சிலரே. எழுதாததற்காக நாங்கள் யாரையும் தள்ளியதில்லை. எழுதியதற்காக மட்டும் யாரையும் எடுத்ததும் இல்லை. அந்தக் குறிப்பு எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் அதில் என்ன இருக்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

ஏப்ரல், மே மாதங்களில் ஒரு பணியிடத்துக்கு ஒரே நாளில் ஆறேழு பேரையாவது பார்ப்போம். எல்லோரும் எம்.ஏ., பி.எட். படித்தவர்கள். எல்லோருடைய மாதிரி வகுப்பிலும் ஒரு பாடலும் ஒரு கதையும் இருக்கும். மாலையில் முதல்வரும் தாளாளரும் மதிப்பெண் தாளை எடுத்துவைத்துக்கொண்டு உட்காரும்போது முதலில் இருப்பவர் யார் என்பதிலும் கடைசியில் இருப்பவர்கள் யார் என்பதிலும் பெரும்பாலும் கருத்து வேறுபாடு இருக்காது. தடுமாற்றமெல்லாம் நடுவில் இருக்கும் இரண்டு மூன்று பேரைப் பற்றித்தான். “ஊர்ப்பெயர் சொன்னாரே, அவர் மூன்றாவதாக வந்தவரா, ஐந்தாவதாக வந்தவரா?” என்ற கேள்வி அப்போது உண்மையிலேயே எழும். அந்த நேரத்தில் முதல்வரின் கைப்பேசியில் உங்கள் பெயரோடு ஊர்ப்பெயர் பற்றிய ஒரு வாக்கியம் இருந்தால், அவர் சிரித்த சிரிப்பும் எழுதிக்கொண்ட குறிப்பும் உங்கள் பெயரில் போய்ச் சேரும். குறிப்பு செய்யக்கூடியது அவ்வளவுதான். மாதிரி வகுப்பு சரியாக அமையாதவரை அது கரையேற்றாது. ஏற்கெனவே நடந்த நல்லது ஒன்றைப் பெயர் மாறாமல் காப்பாற்றும்.

ஆகவே அதை இன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும். பேருந்தில் இருந்தபடியே எழுதி அனுப்பிவிட வேண்டாம். வீட்டுக்குப் போய், முகம் கழுவி, காகிதத்தில் ஒரு முறை எழுதிப் பார்த்துவிட்டு நான்கு மணியிலிருந்து ஆறு மணிக்குள் அனுப்புங்கள். இரவு பத்து மணிக்கு வரும் செய்தி, அதில் என்ன எழுதியிருந்தாலும், வேளை தெரியாமல் வந்ததாகவே படும். நாளை மாலை என்றால் முடிவு அதற்குள் எடுக்கப்பட்டிருக்கலாம்.

இனி எதை எழுதுவது என்பதற்கு வருகிறேன். நீங்கள் சொன்னதிலிருந்து பார்த்தால் உங்கள் முன்னால் மூன்று பொருள்கள் இருக்கின்றன: ல, ள, ழ, வெண்பாவில் விட்டுப்போன பிறப்பு, தினமும் கடலூரிலிருந்து வந்து போவது. இவற்றுள் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். மனம் இயல்பாக எதை நோக்கி ஓடும் என்று எனக்குத் தெரியும். சரியாகச் சொன்னது மறந்துவிடும், தவறவிட்டது இரவெல்லாம் குடையும். “நாள், மலர், காசு, பிறப்பு என்பதே முழு விடை, பதற்றத்தில் பிறப்பைச் சொல்ல மறந்துவிட்டேன்” என்று ஒரு வரி எழுதிவிட்டால் நிம்மதி வந்துவிடும் என்று தோன்றும். அந்த நிம்மதி உங்களுக்குத்தான். முதல்வர் அதைப் படிக்கும்போது நடப்பது வேறு. நான்கில் மூன்றைச் சொன்ன ஒருவரை அவர் அநேகமாக மறந்தே போயிருப்பார். உங்கள் வரி அதைத் தோண்டி எடுத்து, அந்த நாளின் கடைசி நினைவாக அவர் முன்னால் வைத்துவிடும். வீட்டுக்குப் போய் நூலைப் பார்த்து எழுதிய விடைக்கு மதிப்பெண்ணும் கிடையாது. ஆகவே பிறப்பை விட்டுவிடுங்கள்.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அவர்கள் நம்பி முடிவெடுக்கக்கூடிய ஒரு செய்தியைத் தவறாகச் சொல்லியிருந்தால், அதாவது தேர்ச்சி பெற்ற ஆண்டு, பணியில் சேரக்கூடிய தேதி, முன்பு வேலை செய்த காலம் போன்றவற்றில் பிழை நேர்ந்திருந்தால், அதைத் திருத்தியே ஆக வேண்டும். அதையும் நன்றிக் குறிப்பில் கலக்காமல் தனியாக, ஒரே வாக்கியத்தில் எழுதுவது நல்லது.

தாளாளர் கேட்ட பயணக் கேள்வி வேறு வகை. முதல்வர் கேட்டது ஆர்வத்தால் கேட்டது, தாளாளர் கேட்டது ஐயத்தால் கேட்டது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே இருபத்திரண்டு கிலோமீட்டர்தான் என்றாலும், காலையில் பேருந்து தாமதமானால் முதல் பாடவேளை போய்விடும் என்பது தாளாளர்களின் நெடுநாள் கவலை. நீங்கள் அங்கேயே தெளிவாக ஒரு பதில் சொல்லிவிட்டிருந்தால் அது முடிந்துபோன செய்தி. மறுபடி எழுதினால், நீங்களே அதை ஒரு சிக்கலாக நினைக்கிறீர்கள் என்று ஆகிவிடும். “யோசித்துச் சொல்கிறேன்” என்பது போல ஏதாவது சொல்லியிருந்தால் மட்டும் மூன்றாவது வரியில் நான்கு சொற்களில் அதை முடித்துவையுங்கள்.

மிஞ்சுவது ல, ள, ழ. அதைத்தான் எடுக்க வேண்டும் என்பதற்கு எனக்குக் கிடைக்கும் சான்று அவர் சிரித்தது அல்ல. நேர்காணலில் எல்லோரும் சிரிப்பார்கள். அவர் எழுதிக்கொண்டார் என்பதுதான் சான்று. மேசையின் அந்தப் பக்கத்தில் இருப்பவர் கேள்விக்குமேல் துணைக்கேள்வி கேட்பதும், பேனாவை எடுப்பதும், பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பதும்தான் கவனிக்க வேண்டிய அடையாளங்கள். உங்களுக்கு எது நன்றாக வந்தது என்பதைவிட அவருக்கு எது தேவைப்பட்டது என்பதே அளவுகோல். அவர் தம் பள்ளியில் அன்றாடம் படும் பாட்டை உங்களிடம் சொல்லி வழி கேட்டிருக்கிறார். நீங்கள் ஒரு வழி சொல்லியிருக்கிறீர்கள்.

அந்த வழி ஏன் அவர் காதில் விழுந்தது என்பதையும் நீங்கள் தெளிவாக உணர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது வரி வெறும் எதிரொலியாகிவிடும். பிள்ளைகள் இந்த மூன்று எழுத்திலும் செய்யும் பிழையைக் கைப்பிழை என்று நினைத்துத்தான் பத்து முறை எழுதச் சொல்கிறோம். அது காதிலும் வாயிலும் தொடங்கும் பிழை. லகரத்துக்கு நுனிநாக்கு மேல்வாய்ப் பல்லின் அடியைத் தொடுகிறது; ளகரத்துக்கு நாக்கு பின்னுக்கு வளைந்து மேலண்ணத்தைத் தொடுகிறது; ழகரத்துக்கு அதே போல வளைந்தும் தொடாமல் நிற்கிறது. வட மாவட்டப் பேச்சில் வாழைப்பழம் வாயப்பயம் ஆகிறது, தெற்கே போனால் வாளப்பளம் ஆகிறது. வீட்டில் கேட்காத ஒலியைப் பிள்ளை எங்கிருந்து எழுதும்? பிழையாகக் கேட்ட சொல்லைப் பத்து முறை எழுதினால் கைதான் வலிக்கும்; அந்த வலி எந்த லி என்ற ஐயம் அப்படியே இருக்கும்.

ஊர்ப்பெயரில் ஒரு வசதி இருக்கிறது. பிள்ளை அந்தப் பெயரைப் பேருந்துப் பலகையில் நாள்தோறும் எழுத்தாகப் பார்த்திருக்கிறது. எழுத்துவடிவம் முன்பே கண்ணில் இருக்கிறது. அதோடு ஒலியைச் சேர்த்துவிடுவதுதான் ஆசிரியரின் வேலை. உங்கள் ஊரிலேயே திருப்பாதிரிப்புலியூர் இருக்கிறது. புலிக்கால் முனிவர் பாதிரி மரத்தடியில் வழிபட்ட தலம் என்ற கதையைச் சொல்லிவிட்டால், அதைப் புளியூர் என்று எழுதும் பிள்ளைக்குத் தான் மரத்தையே மாற்றிவிட்டது தெரிந்துவிடும். இதையெல்லாம் குறிப்பில் எழுதச் சொல்லவில்லை. இவ்வளவும் உங்களுக்குத் தெரியும் என்பது ஒரு வரியில் தெரிந்தால் போதும்.

முதலில் பலரும் எழுதும் வடிவத்தைக் காட்டுகிறேன்.

“தங்கள் மேலான பள்ளியில் நேர்காணலில் கலந்துகொள்ள வாய்ப்பளித்தமைக்கு என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். தங்களுடனான உரையாடல் மிகவும் பயனுள்ளதாகவும் ஊக்கமளிப்பதாகவும் அமைந்தது. தங்கள் பள்ளியின் வளர்ச்சியில் பங்காற்றும் வாய்ப்பை ஆவலுடன் எதிர்நோக்குகிறேன்.”

இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இதை அனுப்பியவர் தமிழாசிரியரா, கணக்கரா, பேருந்து ஓட்டுநரா என்று சொல்ல முடியாது. காலையில் வந்த அத்தனை பேரின் பெயரையும் இதன் அடியில் போடலாம். முதல்வருடைய தடுமாற்றம் யார் எவர் என்பதில்தான் என்று முன்பே சொன்னேன். அதற்கு இது உதவாது.

இதைக் கேட்டவர்கள் அடுத்து விழும் பள்ளம் எதிர்ப்பக்கத்தில் இருக்கும். இரண்டாவது வரியில் முழுப் பாடத்திட்டமும் வந்துவிடும்: முதல் வாரம் ஒலிப்பயிற்சி, இரண்டாம் வாரம் சொல்லட்டை, மூன்றாம் வாரம் வலி, வளி, வழி, அதற்குப் பிறகு பிழைப் பதிவேடு என்று. கேட்காத கட்டுரையை மாலை ஐந்து மணிக்கு யாரும் படிப்பதில்லை. அதைவிட மோசம், “தங்கள் பள்ளியின் ஏழாம் வகுப்பு மாணவர்களும் ல, ள, ழ வேறுபாடு அறியாதிருப்பதாகத் தாங்கள் கூறியதைக் கேட்டேன்” என்று தொடங்குவது. முதல்வர் நான்கு சுவருக்குள் மனம்விட்டுச் சொன்னதை எழுத்தாக்கி அவருக்கே திருப்பி அனுப்புவது அது. அந்தச் செய்தி அலுவலகக் கைப்பேசிக்குப் போகும். அதை எழுத்தர் படிப்பார், தாளாளரும் படிப்பார். பள்ளியின் குறையை நீங்கள் எழுத வேண்டாம், உங்கள் வழியை மட்டும் எழுதுங்கள். முன்பு இருந்த ஆசிரியர் ஏன் போனார் என்பது போன்ற பேச்சு ஏதாவது நடந்திருந்தாலும் அதற்கும் இதுவே விதி.

சரியான இரண்டாவது வரியில் இரண்டு பகுதிகள் இருக்கும். முதற்பகுதி, அங்கே நீங்கள் சொன்னதை அதே சொற்களில் நினைவூட்டுவது. அவர் தாளில் “ஊர்ப்பெயர்” என்று எழுதியிருந்தால் உங்கள் வரியிலும் “ஊர்ப்பெயர்” என்றே இருக்க வேண்டும். “உள்ளூர்ச் சூழல் சார்ந்த கற்பித்தல் முறை” என்று அழகுபடுத்தினால் இரண்டும் ஒட்டாது. பிற்பகுதி, அங்கே சொல்லாத ஒரே ஒரு சிறு அடியை அதன்மேல் வைப்பது. அது நீங்கள் ஜூன் மாதம் முதல் வாரத்திலேயே செய்யக்கூடியதாகவும், பள்ளிக்குச் செலவு வைக்காததாகவும், எண்ணிக்கையோடு சொல்லக்கூடியதாகவும் இருந்தால் நல்லது. உங்கள் பொருளுக்கு அது சொல்வதெழுதுதலாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். பத்துப் பெயர்களைச் சொல்லி எழுத வைத்தால் யார் லகரத்தில் தவறுகிறார், யார் ழகரத்தில் தவறுகிறார் என்று ஒரே பாடவேளையில் தெரிந்துவிடும். பத்து முறை எழுதச் சொல்ல மாட்டேன் என்று சொன்னவர், அப்படியானால் எங்கிருந்து தொடங்குவார் என்ற கேள்விக்கும் அது விடையாகிவிடும்.

எல்லாம் சேர்ந்தால் இப்படி வரும்.

“மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, வணக்கம்.

தமிழாசிரியர் பணிக்கு இன்று காலை நடந்த நேர்காணலில் மாதிரி வகுப்பு எடுக்க வாய்ப்பளித்தமைக்குத் தங்களுக்கும் தாளாளர் அவர்களுக்கும் நன்றி.

ல, ள, ழ வேறுபாட்டைக் கடலூர், வளவனூர், விழுப்புரம் போன்ற ஊர்ப்பெயர்களைக் கொண்டு கற்பிக்கலாம் என்று சொல்லியிருந்தேன்; முதல் வாரத்திலேயே அத்தகைய பத்துப் பெயர்களைச் சொல்வதெழுதுதலாக வைத்து, எந்த மாணவர் எந்த எழுத்தில் தடுமாறுகிறார் என்று குறித்துக்கொண்டு தொடங்குவேன்.

தாங்கள் கேட்ட பி.எட். சான்றிதழின் நகலை வரும் வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்தில் ஒப்படைக்கிறேன்.”

இதன் கீழே உங்கள் முழுப்பெயரும் கைப்பேசி எண்ணும் இருந்தால் போதும். மூன்று வரி என்று தோழி சொன்னது மூன்று வாக்கியங்களைத்தான். கைப்பேசித் திரையில் அது பத்துப் பன்னிரண்டு வரியாக மடிந்து தெரியும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். இரண்டாவது வாக்கியம் சற்று நீளம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அதில் எடுக்கக்கூடிய சொல் இருக்கிறதா என்று பார்த்தேன். மூன்று ஊர்களில் எதை எடுத்தாலும் ஓர் எழுத்துக்கு எடுத்துக்காட்டு இல்லாமல் போகும். நீங்கள் காலையில் மூன்று எழுத்துக்கும் வரிசையாக ஒவ்வோர் ஊர் சொல்லியிருப்பதை அவர் அப்போது கவனித்திருக்காவிட்டால், எழுத்தில் பார்க்கும்போது கவனிப்பார்.

முதல் வரியில் பணியின் பெயரும் நேரமும் இருப்பது வெறும் மரியாதைக்காக அல்ல. அன்றே கணித ஆசிரியருக்கும் நேர்காணல் நடந்திருக்கலாம்; யாருடைய செய்தி இது என்று அவர் தேடக்கூடாது. மூன்றாவது வரியில் உங்கள் பக்கத்திலிருந்து வர வேண்டியதை மட்டும் சொல்லியிருக்கிறேன். சான்றிதழ் நகலை அவர்கள் கேட்டிருக்காவிட்டால் அந்த இடத்தில், பணியில் சேரக்கூடிய தேதியை எழுதியிருப்பேன். “தங்கள் நல்ல முடிவை எதிர்பார்த்துக் காத்திருக்கிறேன்” என்பதை எழுதியிருக்க மாட்டேன். காத்திருக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரியும். அந்த வரி அவரிடம் ஒரு கடனைக் கேட்பது போல முடிகிறது. சம்பளம் பற்றிய கேள்வியும் இங்கே வேண்டாம். வெள்ளிக்கிழமை என்று எழுதிவிட்டால் வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தே தீர வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எந்த வழியாக அனுப்புவது என்பதில் குழப்பம் வேண்டாம். நேர்காணலுக்கு அழைப்பு எப்படி வந்ததோ அதற்கே பதிலாகப் போகட்டும். மின்னஞ்சலில் வந்திருந்தால் அந்த அஞ்சலுக்கு மறுமொழியாக, வாட்ஸப்பில் அலுவலக எண்ணிலிருந்து வந்திருந்தால் அதே எண்ணுக்கு. முதல்வரின் சொந்த எண்ணை யாரிடமோ வாங்கி அனுப்புவது அத்துமீறலாகவே படும். அழைப்பு ஆங்கிலத்தில் வந்திருந்தாலும் தமிழாசிரியர் பணிக்கு நீங்கள் தமிழில் எழுதலாம். மற்றப் பாடத்துக்காரர்களுக்கு அழைப்பு வந்த மொழியே பொருத்தம். செய்தியை ஒரே துண்டாக அனுப்புங்கள். வணக்கம் தனியாக, நன்றி தனியாக, கைகூப்பும் படம் தனியாக என்று மூன்று முறை மணியடிக்க விட வேண்டாம்.

அனுப்புவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலையை மற்ற எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, நல்ல மாதிரி வகுப்பு எடுத்துவிட்டுப் போன ஒருவர் அன்று மாலையே நன்றி எழுதியிருந்தார். “தங்கள் பள்ளியில் பனியாற்ற ஆவலாக உள்ளேன்” என்று அதில் இருந்தது. பணியாற்ற வந்தவர் பனியை ஆற்றப் போகிறாரா என்று கேட்டுத் தாளாளர் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. அவரை அந்த ஓர் எழுத்துக்காகத் தள்ளவில்லை என்று சொல்ல ஆசைதான்; ஆனால் நடுவில் இருந்த இருவரில் ஒருவராக அவர் இருந்தார், அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவர் பெயரை எடுத்துப் பேச எனக்கும் வாய் வரவில்லை. உங்கள் நிலை அவருடையதைவிடக் கூர்மையானது. ல, ள, ழ பற்றியே எழுதும் குறிப்பில் பள்ளி பல்லியாகிவிட்டால் அதை அனுப்பாமல் இருந்திருப்பதே மேல். கைப்பேசி தானாக எடுத்துக்கொடுக்கும் சொல்லை நம்பாதீர்கள்; அது சொல் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது, உங்களுக்கு வேண்டிய சொல்லா என்று பார்ப்பதில்லை. பல்லியும் ஒரு சொல்தான், பனியும் ஒரு சொல்தான்.

கண்ணால் வாசித்தால் இந்தப் பிழை பிடிபடாது, ஏனென்றால் எழுதியவர் கண் எழுத நினைத்ததையே வாசிக்கும். எழுத்து எழுத்தாக, நாக்கைச் சரியாக வைத்து உரக்கப் படியுங்கள். பிறகு கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி ஒரு முறை பாருங்கள். அப்போது பொருள் ஓடாது, எழுத்து மட்டும் நிற்கும். ஒற்று மிகும் இடங்களையும் பார்த்துவிடுங்கள்: வாய்ப்பளித்தமைக்குத் தங்களுக்கும், பத்துப் பெயர்கள், வேறுபாட்டைக் கடலூர் என்று என் வரைவில் பல இடங்களில் வருகிறது. நீங்கள் சொற்களை மாற்றும்போது ஒற்றும் இடம் மாறும். முதல்வர் தமிழ் படித்தவராக இருந்தால் இதை நிச்சயம் பார்ப்பார்.

அனுப்பிய பிறகு பதில் வராவிட்டால் அதற்கு எந்தப் பொருளும் இல்லை. நீலக்குறி விழுந்ததா என்று மணிக்கொரு முறை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நாங்கள் பெரும்பாலும் பதில் அனுப்பியதில்லை, எடுத்தவர்களுக்கும்கூட. “நன்றி” என்று ஒரு சொல் வந்தால் அதற்கு மறுபடி நன்றி சொல்லவும் வேண்டாம். முடிவு எப்போது தெரியும் என்று அவர்கள் ஒரு தேதி சொல்லியிருந்தால் அதற்குப் பிறகு இரண்டு வேலைநாள் பொறுத்து அலுவலகத்தை அழைத்துக் கேட்கலாம். உங்களுக்கு வெள்ளிக்கிழமை நேரில் போகும் காரணமும் இருக்கிறது; அன்று எழுத்தரிடம் நகலைக் கொடுத்துவிட்டு வாருங்கள், முதல்வரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு நிற்க வேண்டாம். அவர் கூப்பிட்டால் மட்டும் உள்ளே போங்கள்.

அப்படிக் கூப்பிட்டால் அவர் கேட்கப்போவது ஒன்றுதான்: எந்தப் பத்துப் பெயர்கள்? குறிப்பில் பத்து என்று எழுதிவிட்டு அங்கே நின்று யோசிக்கக்கூடாது. இன்று இரவே பட்டியலை எழுதி நகல் உறையில் மடித்து வைத்துக்கொள்ளுங்கள். லகரத்துக்குக் கடலூர், நெல்லிக்குப்பம், கெடிலம். ளகரத்துக்கு வளவனூர், மணவெளி, கிள்ளை. ழகரத்துக்கு விழுப்புரம், உழவர்கரை, வழுதாவூர் என்று ஒன்பது எனக்கு உடனே தோன்றுகின்றன. பத்தாவதாகத் திருப்பாதிரிப்புலியூரை வையுங்கள். அதைச் சொல்வதெழுதுதலில் கடைசியாகச் சொல்லி, எத்தனை பேர் புளியூர் என்று எழுதுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.